இருபதுக்கும் அறுபதுக்கும் தூக்கக் கணக்கு ஒன்றே!

செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில் ஒரு தெரு. அந்தத் தெருவில் ஒரு வீடு. அந்த வீட்டில் மூன்று பேர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிக்கு வயது அறுபது. மகனுக்கு நாற்பது. பேரனுக்கு இருபது.

விடியற்காலை மூன்றரை மணி. ராஜகிரி மலை இன்னும் இருட்டில் கிடக்கிறது. பாட்டி எழுந்துவிட்டாள். வாசல் தெளிக்கிறாள். நான்கு மணிக்கு மகன் எழுந்திருக்கிறார். அவர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கிறார். திருவண்ணாமலையிலிருந்து வரும் முதல் பஸ்களுக்குள் பாய்லர் கொதிக்க வேண்டும். பேரன் எழுந்திருப்பது ஆறு மணிக்கு. அதுவும் பாட்டி மூன்று தடவை கூப்பிட்ட பிறகு! அவன் திண்டிவனத்தில் கல்லூரியில் படிக்கிறான்.

"டேய், எழுந்திருடா! இந்த வயசுல இப்படித் தூங்கினா என் வயசுல என்ன செய்வே? எனக்கெல்லாம் மூணு மணி நேரத் தூக்கம் போதும்டா" என்கிறாள் பாட்டி.

"அம்மா, வயசானவங்களுக்குத் தூக்கம் தேவையில்லை. அவன் வளர்ற பையன். தூங்கட்டும்" என்கிறார் மகன்.

இப்படிப்பட்ட பேச்சு எல்லா ஊர்களிலும் எல்லா வீடுகளிலும் கேட்கக்கூடியதுதான். சிறு வயதில் தூக்கம் நிறைய வேண்டும், நடு வயதில் குறைத்துக்கொள்ளலாம், வயதாகிவிட்டால் தூக்கமே வேண்டாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

இது சரியா? சரியல்ல!

டாக்டர்கள் போட்ட கணக்கு

அமெரிக்காவில் தேசியத் தூக்க அறக்கட்டளை என்று ஓர் அமைப்பு இருக்கிறது. எந்த வயதுக்கு எவ்வளவு தூக்கம் வேண்டும் என்பதை ஆராய அது நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. அந்தக் குழு அதுவரை வெளிவந்த ஆராய்ச்சிகளையெல்லாம் படித்துப் பார்த்து, 2015ஆம் ஆண்டில் தன் முடிவை வெளியிட்டது.

பிறந்த குழந்தைக்கு 14 முதல் 17 மணி நேரம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு 9 முதல் 11 மணி நேரம். பதினான்கு முதல் பதினேழு வயது வரை 8 முதல் 10 மணி நேரம்.

இப்படி மளமளவென்று இறங்கி வந்த கணக்கு, பதினெட்டு வயதில் நின்றுவிடுகிறது. இருபது வயதுக்காரருக்கு 7 முதல் 9 மணி நேரம். நாற்பது வயதுக்காரருக்கும் 7 முதல் 9 மணி நேரம். அறுபது வயதுக்காரருக்கும் அதே 7 முதல் 9 மணி நேரம்தான்! அறுபத்தைந்து வயதுக்கு மேல்தான் ஒரு சின்ன மாற்றம். அதுவும் 7 முதல் 8 மணி நேரம் என்று மேல் வரம்பில் ஒரு மணி நேரம் குறைகிறது. கீழ் வரம்பு அசையவே இல்லை.

பழைய தமிழ்க் கணக்கில் சொன்னால் எளிதாக விளங்கும். ஒரு சாமம் என்பது மூன்று மணி நேரம். ஓர் இரவுக்கு நான்கு சாமம். அதில் இரண்டரைச் சாமம் தூக்கம் என்றால் ஏழரை மணி நேரம். இருபதிலும் அதுதான், நாற்பதிலும் அதுதான், அறுபதிலும் அதுதான். ஆளுக்கு ஆள் அரை மணி, ஒரு மணி முன்னே பின்னே இருக்கும். அவ்வளவே.

தேவை ஏன் மாறவில்லை?

குழந்தை ஏன் அவ்வளவு தூங்குகிறது? அதன் உடம்பு வளர்கிறது. மூளை நாளுக்கு நாள் புதிதாகக் கட்டப்படுகிறது. அந்த வேலையில் பெரும்பகுதி தூக்கத்தில் நடக்கிறது. இருபது வயதில் உடம்பின் வளர்ச்சி ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு, அன்றாடம் விழித்திருந்த களைப்பைத் தீர்ப்பதுதான் தூக்கத்தின் முக்கியமான வேலை.

அந்தக் களைப்பு எப்படி ஏற்படுகிறது? மூளை வேலை செய்யும்போது அதில் 'அடினோசின்' என்ற பொருள் சேருகிறது. காலையில் அது குறைவாக இருக்கும். மணிக்கு மணி கூடும். இரவு பத்து மணிக்கு நிறையச் சேர்ந்திருக்கும். கண் சொக்கும். தூங்கும்போது அது மறுபடியும் குறைகிறது. இதைத் தூக்கப் பசி என்று சொல்லலாம். வயிற்றுப் பசி சாப்பிட்டால் தீர்கிறது. தூக்கப் பசி தூங்கினால்தான் தீரும்.

டீக்கடைக்காரருக்கு இது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால், டீயிலும் காப்பியிலும் உள்ள 'கஃபீன்' என்ற பொருள் அந்த அடினோசினை மூளை உணராதபடி மறைத்து நிற்கிறது. பசி தீரவில்லை, பசி மட்டும் தெரியவில்லை! சாயங்காலம் ஆறு மணிக்குக் குடித்த காப்பியின் கஃபீனில் ஏறக்குறைய பாதி, இரவு பதினொரு மணிக்கும் பலருடைய உடம்பில் மிச்சம் இருக்கும்.

இருபது வயதுக்காரரும் ஒரு நாளில் பதினாறு மணி நேரம் விழித்திருக்கிறார். அறுபது வயதுக்காரரும் பதினாறு மணி நேரம் விழித்திருக்கிறார். இரண்டு பேருடைய மூளையும் பார்க்கிறது, கேட்கிறது, நினைக்கிறது, கவலைப்படுகிறது. வேலை அதே வேலை. ஆகவே தூக்கப் பசி அறுபதிலும் இருக்கத்தான் செய்கிறது.

இதை நேரிலேயே சோதித்துப் பார்த்தார்கள். எலிசபெத் கிளெர்மன், டெர்க்-ஜான் டைக் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆராய்ச்சி அது. ஆரோக்கியமான வாலிபர்களையும், அறுபது வயதைத் தாண்டிய ஆரோக்கியமான பெரியவர்களையும் ஆராய்ச்சிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். இரவிலும் பகலிலுமாக நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம் படுத்திருக்க இடம் கொடுத்தார்கள். "முடிந்தமட்டும் தூங்குங்கள்" என்று விட்டுவிட்டார்கள்.

சில நாட்களில் பழைய கடன் தீர்ந்து, தூக்கம் ஓர் அளவில் வந்து நின்றது. வாலிபர்கள் சராசரியாக 8.9 மணி நேரம் தூங்கினார்கள். பெரியவர்கள் 7.4 மணி நேரம் தூங்கினார்கள். ஒன்றரை மணி நேரம் குறைந்தது உண்மை. ஆனால் ஏழு மணிக்குக் கீழே பெரியவர்களும் இறங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மூன்று மணி நேரமும் இல்லை, ஐந்து மணி நேரமும் இல்லை!

அப்படியானால் மாறுவது எது?

பாட்டி மூன்றரை மணிக்கு எழுந்திருப்பது பொய்யல்லவே! வயதானால் ஏதோ மாறத்தான் செய்கிறது. மாறுவது இரண்டு. ஒன்று, தூக்கத்தின் ஆழம். மற்றொன்று, தூக்கத்தின் நேரம்.

தூக்கத்தில் ஆழ்ந்த தூக்கம் உண்டு, லேசான தூக்கம் உண்டு. ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பவரைத் தட்டி எழுப்பினாலும் சட்டென்று எழுந்திருக்க மாட்டார். அமெரிக்காவில் 149 ஆண்களின் தூக்கத்தை மூளை அலைகளைக் கொண்டு அளந்தார்கள். 2000ஆம் ஆண்டில் அதன் முடிவு வெளியாயிற்று. இருபத்தைந்து வயது வரை உள்ள வாலிபர்களின் தூக்கத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஆழ்ந்த தூக்கம். நடு வயதுக்காரர்களிடம் அது நூற்றுக்கு நான்கு பங்குக்கும் கீழே போய்விட்டது!

இதில் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. தூக்கத்தின் ஆழம் குறைவது அறுபதில் அல்ல, நாற்பதிலேயே! டீக்கடைக்காரருக்கே அது குறைந்துவிட்டது. அவர் அதை உணரவில்லை. பகலெல்லாம் நின்று உழைப்பதால், படுத்தவுடன் தூங்கிவிடுகிறார். அவ்வளவுதான்.

ஆழம் குறைந்தால் என்ன ஆகும்? நாய் குரைத்தால் விழிப்பு வரும். லாரி போனால் விழிப்பு வரும். சிறுநீர் கழிக்க விழிப்பு வரும். பானை அதே பானைதான். ஆனால் கீறல் விழுந்திருக்கிறது. நிரம்ப நேரம் பிடிக்கிறது.

இரண்டாவது, நேரம். உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. எப்போது தூங்குவது, எப்போது விழிப்பது என்பதை அது சொல்கிறது. 1938ஆம் ஆண்டில் நதானியேல் கிளைட்மன் என்ற விஞ்ஞானி இதைச் சோதிக்க, தம் மாணவர் புரூஸ் ரிச்சர்ட்சனுடன் அமெரிக்காவில் உள்ள மாமத் குகைக்குள் இறங்கினார். விஞ்ஞானிக்கு வயது நாற்பத்து மூன்று. மாணவர் இருபதுகளில் இருந்த வாலிபர். சூரிய வெளிச்சமே எட்டாத அந்தக் குகையில் முப்பத்திரண்டு நாட்கள் இருந்தார்கள். ஒரு நாளுக்கு 24 மணி நேரம் என்பதை மாற்றி 28 மணி நேரமாக்கினார்கள். பத்தொன்பது மணி நேரம் விழிப்பு, ஒன்பது மணி நேரம் படுக்கை.

வாலிபர் ஒரு வாரத்தில் பழகிவிட்டார். விஞ்ஞானியால் கடைசி வரையில் முடியவில்லை. குகையில் எத்தனை மணி ஆனாலும், வெளியில் அவர் வழக்கமாகத் தூங்கும் நேரத்தில்தான் அவருக்குத் தூக்கம் வந்தது! இரண்டே பேரை வைத்து வயதைப் பற்றிச் சட்டம் போட முடியாது. ஆனால் உள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதை அந்தக் குகை நன்றாகக் காட்டியது.

அந்தக் கடிகாரம் இருபது வயதில் பின்தங்கி ஓடுகிறது. ஆகவே பேரனுக்கு இரவு சீக்கிரம் தூக்கம் வருவதில்லை, காலையில் சீக்கிரம் விழிப்பு வருவதில்லை. அதை வெறும் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. அறுபது வயதில் அது முந்தி ஓடுகிறது. ஆகவே பாட்டிக்கு எட்டு மணிக்கே கண் சொக்குகிறது, மூன்றரை மணிக்கே விழிப்பு வருகிறது. முன்னதாகத் தொடங்கியது முன்னதாக முடிகிறது. குறைந்துபோய்விடவில்லை!

வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

இப்போது அந்த வீட்டுக்குத் திரும்பலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, மூன்று பேரும் உண்மையில் எவ்வளவு தூங்குகிறார்கள் என்று எழுதிப் பார்ப்போம். படுத்த நேரத்தை எழுதினால் போதாது. தூங்கிய நேரத்தை எழுத வேண்டும். பகல் தூக்கத்தையும் சேர்க்க வேண்டும்.

முதலில் பாட்டி. எட்டு மணிக்குப் படுக்கிறாள். எட்டரைக்குத் தூங்குகிறாள். பன்னிரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது. அரை மணி நேரம் புரண்டு படுக்கிறாள். மறுபடி பன்னிரண்டரை முதல் மூன்றரை வரை தூங்குகிறாள். மூன்றரையும் மூன்றும் ஆறரை மணி நேரம். மத்தியானம் சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம். சாயங்காலம் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்தபடியே அரை மணி நேரம். மொத்தம் எட்டு மணி நேரம்!

"மூணு மணி நேரம் போதும்" என்ற பாட்டி, எட்டு மணி நேரம் தூங்குகிறாள். அவள் பொய் சொல்லவில்லை. பன்னிரண்டரைக்குப் பிறகு தூங்கியதைத்தான் கணக்கில் வைத்திருக்கிறாள். விழித்திருந்த நேரம் நினைவில் நிற்கிறது, தூங்கிய நேரம் நினைவில் நிற்பதில்லை.

அடுத்து மகன். இரவு பத்தரைக்குப் படுக்கிறார். படுத்தவுடன் தூக்கம். காலை நான்கு மணிக்கு எழுந்திருக்கிறார். ஐந்தரை மணி நேரம். மத்தியானம் கடையில் பெஞ்சின் மேல் அரை மணி நேரம். மொத்தம் ஆறு மணி நேரம். தினமும் குறைந்தபட்சம் ஒரு மணி நேரம் பாக்கி.

கடைசியில் பேரன். பதினொரு மணிக்குப் படுக்கிறான். செல்போனைப் பார்த்துவிட்டுத் தூங்குவது பன்னிரண்டரைக்கு. ஆறு மணிக்கு எழுந்தால் ஐந்தரை மணி நேரம். ஆறு நாளும் இப்படியே போனால் முப்பத்து மூன்று மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்குகிறான். அது ஒன்பதரை மணி நேரம். வாரம் முழுவதற்கும் நாற்பத்திரண்டரை மணி நேரம். நாளைக்கு ஏழரை மணி என்று வைத்தால் ஐம்பத்திரண்டரை மணி நேரம் வேண்டும். ஒரே வாரத்தில் பத்து மணி நேரக் கடன்!

வீட்டில் யாரை எல்லோரும் தூங்குமூஞ்சி என்கிறார்களோ, அவனுக்குத்தான் அந்த ஆறு நாட்களிலும் தூக்கம் மிகவும் குறைவாகப் போகிறது. காலை பஸ் செஞ்சியைத் தாண்டுவதற்குள் அவன் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்துவிடுகிறது. அதுதான் அடையாளம்.

"எனக்குப் பழகிப் போச்சு"

மகனிடம் கேட்டால், "இருபது வருஷமா ஆறு மணி நேரம்தான். எனக்குப் பழகிப் போச்சு" என்பார்.

பழகிவிட முடியுமா? ஹான்ஸ் வான் டோங்கன், டேவிட் டிங்கஸ் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 2003இல் இதற்குப் பதில் சொன்னார்கள். ஆரோக்கியமான நாற்பத்தெட்டுப் பேரை எடுத்துக்கொண்டார்கள். சிலரை இரவுக்கு எட்டு மணி நேரம் படுக்க விட்டார்கள். சிலரை ஆறு மணி நேரம், சிலரை நான்கு மணி நேரம் மட்டும். பதினான்கு நாட்கள் இப்படியே நடந்தது. தினமும் திரையில் ஒரு குறி தோன்றும்போது பொத்தானை அழுத்தச் சொன்னார்கள்.

ஆறு மணி நேரக்காரர்கள் நாளுக்கு நாள் தவறவிட்டார்கள். இரண்டு வார முடிவில், ஓர் இரவு முழுக்கக் கண் விழித்தவர்களைப் போல ஆகிவிட்டார்கள். ஆனால், "தூக்கக் கலக்கம் இருக்கிறதா?" என்று கேட்டபோது, "கொஞ்சம்தான்" என்றார்கள்! உடம்பு பழகவில்லை. கலக்கத்தை உணரும் சக்தி மழுங்கிப் போயிற்று. கொதிக்கும் பாலுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கும், வண்டி ஓட்டுகிறவருக்கும் இது ஆபத்து.

படுக்கை வேறு, தூக்கம் வேறு

சென்னையில் நடந்த ஓர் ஆராய்ச்சியையும் சொல்ல வேண்டும். கௌதம் ராவ், பிராங்க் ஷில்பாக் உள்ளிட்ட ஐந்து பொருளாதார அறிஞர்கள் அதை நடத்தி, 2021இல் வெளியிட்டார்கள். குறைந்த வருமானமுள்ள 452 பேருக்குக் கம்ப்யூட்டரில் விவரம் பதியும் வேலை கொடுத்தார்கள். அவர்கள் கையில் கைக்கடிகாரம் போன்ற ஒரு கருவியைக் கட்டித் தூக்கத்தை அளந்தார்கள்.

அவர்கள் இரவில் எட்டு மணி நேரம் படுத்திருந்தார்கள். ஆனால் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான்! வெக்கை, கொசு, தெருச் சத்தம், வெளிச்சம் எல்லாம் சேர்ந்து, இரண்டரை மணி நேரத்தைத் தின்றுவிட்டன.

சிலருக்குக் கண்ணை மறைக்கும் துணி, காதடைப்பான், மெத்தை, மின்விசிறி முதலியவை தரப்பட்டன. தினம் சராசரியாக 27 நிமிடம் தூக்கம் கூடிற்று. ஆனால் அவர்கள் அதிக நேரம் படுத்ததால் கூடியதே தவிர, தூக்கத்தின் தரம் உயரவில்லை. வேலையில் முன்னேற்றமும் தெரியவில்லை. வேறு சிலருக்கு வேலையிடத்திலேயே, அமைதியான இடத்தில், மத்தியானம் அரை மணி நேரம் படுக்க இடம் தந்தார்கள். அவர்கள் தூங்கி எழுந்த பிறகு வேலை சுறுசுறுப்பாக நடந்தது. மனமும் தெளிவாக இருந்தது.

டீக்கடைப் பெஞ்சின் மேல் போடும் அந்த அரை மணித் தூக்கம் வீணல்ல!

யார் என்ன செய்யலாம்?

பாட்டிக்குத் தூக்கம் குறையவில்லை. சிதறிக் கிடக்கிறது. டெலிவிஷன் முன்னால் தூங்கும் அரை மணி நேரம், இரவுச் சோற்றுக்கு முன்னால் தின்ற முறுக்கு மாதிரி. பசியைக் கெடுத்துவிடுகிறது. அதை விட்டு, மத்தியானத் தூக்கத்தை அரை மணியாகக் குறைத்து, ஒன்பதரைக்குப் படுத்தால் விழிப்பு குறையும். எழுந்திருப்பதும் நாலரை, ஐந்துக்குத் தள்ளிப் போகும். சாயங்காலம் வெளியில் சற்று வெளிச்சத்தில் உட்கார்ந்தால் முந்தி ஓடும் கடிகாரமும் கொஞ்சம் நிதானப்படும்.

மகனுக்குக் காலை நான்கு மணியை மாற்ற முடியாது. பிழைப்பு அது. மாற்றக்கூடியது இரவுதான். ஒன்பதரைக்குப் படுத்தால் ஆறரை மணி நேரம். மத்தியானம் அரை மணி நேரத்தையும் சேர்த்தால் ஏழு. சாயங்காலம் கடையில் தாமே போட்டுக் குடிக்கும் கடைசி டீயை விட வேண்டும்.

பேரன் செல்போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் பதினொரு மணிக்கே தூங்கினால், ஆறு மணிக்குள் ஏழு மணி நேரம் ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஏழு, எட்டு மணிக்கு எழுந்துவிட வேண்டும். பத்து மணி வரை தூங்கினால் அன்று இரவு தூக்கம் வராது. திங்கட்கிழமை மறுபடியும் கடன் தொடங்கும்.

தமக்கு வேண்டியது ஏழா, எட்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு வாரம் விடுமுறை கிடைக்கும்போது, தினமும் ஒரே நேரத்தில் படுத்து, அலாரம் இல்லாமல் எழுந்து பாருங்கள். முதல் சில நாள் கூடுதலாகத் தூக்கம் வரும். அது பழைய கடன். இரண்டாவது வாரத்தில் வந்து நிற்கும் அளவுதான் உங்கள் அளவு.

இந்தக் கணக்கெல்லாம் ஆரோக்கியமானவர்களுக்கு. பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறுகிறவர்கள், எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் சோர்ந்து விழுகிறவர்கள், இரவில் பல தடவை சிறுநீருக்கு எழுந்திருப்பவர்கள், மூன்று மாதமாகத் தூக்கம் வராமல் தவிப்பவர்கள் டாக்டரைப் பார்க்க வேண்டும். வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடக் கூடாது. சர்க்கரை வியாதியோ, வேறு கோளாறோ காரணமாக இருக்கலாம். தாமாகத் தூக்க மாத்திரை வாங்கிப் போடவும் கூடாது.

நாளைக் காலை பாட்டி பேரனை எழுப்பும்போது, "எனக்கெல்லாம் மூணு மணி நேரம் போதும்" என்று சொல்ல முடியாது. நோட்டுப் புத்தகத்தில் எட்டு மணி நேரம் என்று எழுதியிருக்கிறது!